சென்ட் பாட்டிலைச் சுற்றி என்ன இருக்கிறது?

எழுதிக் கொடுத்தால் படம் வரைந்து தரும் ஏஐ கருவி ஒன்றைத் திறந்து, ‘அழகான கண்ணாடி சென்ட் பாட்டில், தத்ரூபமாக, பளபளக்கும் பிரதிபலிப்புகளுடன், வெற்றுப் பின்னணியில்’ என்று கேட்டுப் பாருங்கள். சில விநாடிகளில் படம் வந்துவிடும். கைபேசித் திரையில் பார்த்தால் அப்படியே விளம்பரத்துக்குக் கொடுத்துவிடலாம் போலிருக்கும். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தால்தான் சங்கடம் தொடங்குகிறது. பாட்டிலின் தோளில் கட்டம் போட்ட ஜன்னல் ஒன்று மின்னுகிறது. வெற்றுப் பின்னணி கொண்ட ஸ்டுடியோவில் ஜன்னல் எங்கிருந்து வந்தது? உள்ளே இருக்கும் திரவத்தின் மட்டம் இடது ஓரத்தில் ஓர் உயரத்திலும் வலது ஓரத்தில் வேறோர் உயரத்திலும் நிற்கிறது. வெளிச்சம் இடப்பக்கமிருந்து வருவதாகப் பாட்டிலின் பளபளப்பு சொல்கிறது. நிழலும் இடப்பக்கமே விழுந்திருக்கிறது. அந்த நிழலோ, கண்ணாடியின் நிழலாக இல்லாமல் மரக்கட்டையின் நிழல்போல ஒரே கறுப்பாகக் கிடக்கிறது.

‘தத்ரூபமாக’ என்ற சொல்லை இன்னும் இரண்டு முறை சேர்த்தாலும், ‘மிக மிக உயர்தரம்’ என்று எழுதினாலும் இது சரியாகாது. அந்தக் கருவிக்கு ஒளியின் இயற்பியல் தெரியாது. சினிமாவுக்கு கிராஃபிக்ஸ் செய்கிறவர்கள் பயன்படுத்தும் முப்பரிமாண மென்பொருள், ஒவ்வோர் ஒளிக்கதிரும் கண்ணாடிக்குள் எப்படி வளைந்து வெளியே வருகிறது என்று கணக்குப் போடும். நாம் பேசும் கருவிகள் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. கோடிக்கணக்கான படங்களையும் அவற்றோடு சேர்ந்து வந்த வர்ணனைகளையும் வைத்துப் பழக்கப்பட்டவை அவை. எந்தச் சொல் வந்தால் எந்தத் தோற்றம் வரும் என்பது மட்டுமே அவற்றின் அறிவு. ‘பளபளப்பு’ என்றால் எந்த அறையிலோ எந்த வெளிச்சத்திலோ எடுத்த ஆயிரம் பளபளப்புகளின் கலவை வரும். அதில் ஜன்னலும் இருக்கத்தான் செய்யும்.

கண்ணாடியைப் படமெடுத்தே பிழைக்கிற விளம்பரப் புகைப்படக்காரர்கள் பாட்டிலுக்கு அருகே என்ன வைக்கிறார்கள், அது பாட்டிலின் மேல் என்னவாகத் தெரிகிறது என்று பார்த்துவிட்டால், கருவியிடம் எதைச் சொல்ல வேண்டும் என்பது பிடிபட்டுவிடும். கருவி பழகிய நல்ல சென்ட் பாட்டில் படங்களில் பெரும்பகுதி அவர்கள் எடுத்ததுதானே.

கண்ணாடிக்கென்று காட்டுவதற்கு நிறமோ பரப்போ கிடையாது. நேராகப் பார்க்கும்போது கண்ணாடியின் ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதம்தான் திரும்பி வருகிறது. மற்றதெல்லாம் உள்ளே போய்விடுகிறது. பார்க்கும் கோணம் சாயச் சாய, திரும்பி வரும் அளவு ஏறிக்கொண்டே போய், பரப்பை ஒட்டினாற்போலப் பார்க்கும்போது கண்ணாடி கிட்டத்தட்ட முகம் பார்க்கும் கண்ணாடியாகவே ஆகிவிடும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்குக் கணக்கு எழுதியவர் பிரெஞ்சுக்காரரான ஃப்ரெனல். பாட்டிலின் தட்டையான முகம் தெளிவாகவும், விளிம்புகள் மட்டும் கூர்மையாகப் பளிச்சென்றும் இருப்பதற்கு ஒரு காரணம் இது.

அந்த 4 சதவீதத்தில் தெரிவது பாட்டிலுக்கு முன்னாலும் பக்கத்திலும் இருப்பவை. மீதி வெளிச்சத்தில் தெரிவது பின்னால் இருப்பவை. அவையும் ஒளிவிலகலால் இடம் மாறித் தெரியும். ஆக, பாட்டில் என்று நாம் பார்ப்பதெல்லாம் அதைச் சுற்றியுள்ள பொருள்கள்தான். புகைப்படக்காரர் ஒருவர் சென்ட் பாட்டிலைப் படமெடுக்கும்போது பாட்டிலைத் தொடுவதைவிட, அதற்குப் பக்கத்தில் வெள்ளை அட்டை, கறுப்பு அட்டை என்று நகர்த்திக்கொண்டிருப்பதில்தான் அதிக நேரம் செலவழிக்கிறார்.

இந்தத் தொழிலில் இரண்டு பழைய வழிகள் உண்டு. ஃபில் ஹன்டர், பால் ஃபுகுவா இருவரும் எழுதி 1990இல் வெளிவந்த ‘லைட்: சயின்ஸ் அண்ட் மேஜிக்’ என்ற புத்தகத்தில் இரண்டையும் விளக்கமாகப் படிக்கலாம். முதலாவது, பின்னணியை வெளிச்சமாக வைப்பது. கேமராவின் சட்டத்துக்குள் தெரியும் அளவுக்கு மட்டும் பின்னால் வெள்ளை வெளிச்சம். அதற்கு வெளியே சுற்றிலும் இருட்டு. பாட்டிலின் நடுப்பகுதி வழியாகப் பார்த்தால் வெள்ளைப் பின்னணி தெரியும். விளிம்புகளிலோ கண்ணாடி ஒளியைக் கடுமையாக வளைப்பதால், சட்டத்துக்கு வெளியே இருக்கும் இருட்டு உள்ளே இழுக்கப்பட்டுக் கறுப்புக் கோடாக நிற்கும். வெள்ளைத் தாளில் மையால் கோடு போட்டு வரைந்த மாதிரி பாட்டில் தெரியும். பின்னணி வெளிச்சம் சட்டத்தைவிடப் பெரிதாகிவிட்டால் அந்தக் கோடுகள் வெளுத்துப்போய், பாட்டில் பின்னணியோடு கரைந்துவிடும். இரண்டாவது வழி இதைத் தலைகீழாக்கியது: பின்னணி இருட்டு, வெளிச்சம் சட்டத்துக்கு வெளியே. இப்போது விளிம்புகள் வெள்ளைக் கோடுகளாக ஒளிரும்.

இரண்டிலும் ஒரு குறை உண்டு. தூய வெள்ளைப் பின்னணியில் கறுப்பு விளிம்பு நன்றாகத் தெரியும்; ஆனால் அந்த 4 சதவீதப் பளபளப்பு வெள்ளையில் கரைந்து காணாமல் போகும். தூய கறுப்பில் பளபளப்பு எடுத்துக்காட்டும். இருண்ட விளிம்பு இருட்டோடு போய்விடும். வெற்றுப் பின்னணியில் சென்ட் பாட்டில் வேண்டும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் யோசிக்காமல் ‘வெள்ளைப் பின்னணி’ என்று எழுதிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், நடுத்தரச் சாம்பல் நிறம்தான் சரி. இருண்ட விளிம்பும் வெளிச்சக் கோடும் இரண்டுமே தெரியும் பின்னணி அது ஒன்றுதான். பாட்டிலுக்கு நேர் பின்னால் மட்டும் சாம்பல் சற்று வெளுத்து, ஓரங்களை நோக்கி மெல்ல இருண்டு போனால் இன்னும் நல்லது. ஸ்டுடியோக்களில் இதற்குத் தாள் சுருள் ஒன்றை மேலே மாட்டி, சுவரிலிருந்து மேசைக்கு மடிப்பே விழாமல் வளைத்து இறக்குவார்கள். சுவரும் மேசையும் சந்திக்கும் கோடு இருந்தால் அது பாட்டிலுக்குள்ளும் ஒடிந்து வேறு உயரத்தில் தெரியும். கருவி சறுக்கும் இடங்களில் அந்த ஒடிவும் ஒன்று. கோடே இல்லாத தாளைக் கேட்டுவிட்டால் அந்தச் சறுக்கலுக்கே வாய்ப்பில்லை.

இனி ஒரு பாட்டிலை எடுத்துக்கொள்வோம். செவ்வக வடிவம், தடித்த கண்ணாடி அடிப்பாகம், செங்குத்து விளிம்புகள் சாய்வாகச் சீவப்பட்டவை, கறுப்பு மூடி, உள்ளே வெளிர் தேன் நிறத் திரவம். உருளை வடிவத்தை நான் தவிர்க்கக் காரணம் உண்டு. திரவம் நிறைந்த உருளை, லென்ஸ்போல வேலை செய்து பின்னணியை இடம்வலமாகத் திருப்பிவிடும். அதைக் கருவி சரியாகப் பிடிப்பது அரிது. தட்டையான முகம் பின்னணியைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாமல் அப்படியே விட்டுவிடும். வேலையெல்லாம் விளிம்புகளில்தான்.

முதலில் கேமரா. பாட்டிலின் நடுப்பகுதி உயரத்தில் கேமரா நேராகப் பார்க்கிறது என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மூடியின் மேல்பக்கம் தெரியும்படி மேலிருந்து பார்த்த பாட்டிலும், பக்கத்திலிருந்து பார்த்த திரவமும் ஒரே படத்தில் வந்து சேரும். மூடியின் மேல்பரப்பு தெரிந்தால் திரவத்தின் மேல்பரப்பும் ஓர் அகலமான பட்டையாகத் தெரிந்தாக வேண்டும். மூடியின் மேல்பரப்பு தெரியாதபோது திரவ மட்டமும் ஏறக்குறைய ஒரு கோடுதான். இது ஒத்துவராத படத்தில் என்ன தவறு என்று சொல்லத் தெரியாவிட்டாலும், ஏதோ தவறு என்று கண்ணுக்கு உடனே உறுத்தும். 100 மி.மீ. லென்ஸ் என்று சேர்ப்பதும் உதவும். பொருள்களை நெருக்கத்தில் எடுக்க ஸ்டுடியோக்காரர்கள் வழக்கமாக எடுக்கும் லென்ஸ் அது. பாட்டிலின் செங்குத்துக் கோடுகள் மேலே குவியாமல் நேராக நிற்கும் படங்களோடு அந்த எண் பழகியிருக்கிறது.

அடுத்தது விளக்கு. ‘ஸ்டுடியோ விளக்குகள்’ என்று பன்மையில் எழுதினால் வினையை விலைக்கு வாங்கியதாகிவிடும். நாலு பக்கமும் சிறுசிறு வெள்ளைப் புள்ளிகள் சிதறும். ஒரே ஒரு விளக்கு, அதன் வடிவம், அது நிற்கும் இடம், அது பாட்டிலின் மேல் எங்கே எப்படித் தெரிகிறது என்ற நான்கையும் சொல்ல வேண்டும். நம் பாட்டிலுக்கு இடப்பக்கம் உயரமான, குறுகிய சாஃப்ட்பாக்ஸ் ஒன்று. விளக்கின் முன் வெள்ளைத் துணி போர்த்திய பெட்டி அது. கண்ணாடியில் அந்தத் துணியின் வடிவம்தான் பிரதிபலிக்கும். பெட்டி உயரமாகவும் குறுகலாகவும் இருப்பதால் மேலிருந்து கீழ்வரை ஒற்றை வெளிச்சக் கோடு கிடைக்கும். அந்தக் கோட்டின் ஓரம் வெட்டினாற்போல முடியாமல் மெல்ல மங்கிப்போனால்தான் விலையுயர்ந்த படத்தின் தோரணை வரும். நிஜ ஸ்டுடியோவில் இதற்காக விளக்குக்கும் பாட்டிலுக்கும் நடுவே மெல்லிய டிஃப்யூஷன் தாள் ஒன்றைத் தொங்கவிடுவார்கள். கருவியிடம் ‘ஓரம் மென்மையான செங்குத்து வெளிச்சக் கோடு’ என்று சொன்னால் போதும்.

அந்தக் கோடு எங்கே விழும்? பாட்டிலின் தட்டையான முகம் கேமராவை நேராகப் பார்க்கிறது. பக்கவாட்டில் நிற்கும் விளக்கு அந்த முகத்தில் பிரதிபலித்தால், அந்த வெளிச்சம் எதிர்ப்பக்கம் போகுமே தவிர கேமராவுக்கு வராது. சாய்வாகச் சீவிய இடது விளிம்பு மட்டும்தான் விளக்கை கேமராவின் பக்கம் திருப்பிவிடும் கோணத்தில் இருக்கிறது. எனவே வெளிச்சக் கோடு இடது விளிம்பில். முகம் தெளிவாகக் கிடக்கும், லேபிளும் மறையாது. முகத்தின் நடுவிலேயே பெரிய வெள்ளைப் பட்டை வந்தால், அது அழகாக இருந்தாலும், விளக்கு கேமராவுக்கு அருகிலேயே நிற்க வேண்டும் என்றாகிறது. அப்போது நிழல் பின்னால் போகவேண்டுமே தவிர வலப்பக்கம் விழக்கூடாது. படத்தில் இந்த இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றனவா என்று பார்த்தால் பாதித் தவறுகள் பிடிபடும்.

மூன்றாவதாகக் கறுப்பு அட்டைகள். சாம்பல் பின்னணியில் பாட்டிலின் உருவம் தெளிவாக நிற்க, சட்டத்துக்கு வெளியே இரு பக்கமும், பாட்டிலுக்குச் சற்றுப் பின்னால், கறுப்பு அட்டைகள் நிறுத்துவார்கள். விளிம்பு வளைக்கும் ஒளியில் அவைதான் மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரிகின்றன. படத்தில் அட்டை தெரியாது, அதன் விளைவு மட்டுமே தெரியும். அதனால் கருவியிடம் அட்டையைச் சொல்வதோடு நிறுத்தாமல், அது உண்டாக்கும் மெல்லிய இருண்ட விளிம்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அட்டையை மட்டும் சொல்லி விட்டால் படத்தின் ஓரத்தில் இரண்டு கறுப்புப் பலகைகளை நிறுத்தி வைத்துவிடும் வாய்ப்பு உண்டு.

திரவத்துக்கு வருவோம். இங்கேதான் நிஜப் பாட்டிலை ஒரு முறை கையில் எடுத்து, ஜன்னல் ஓரம் வைத்துப் பார்ப்பது நல்லது. சாதாரணக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.52. சென்ட்டில் பெரும்பகுதி ஆல்கஹால். அதன் எண் 1.36. காற்றுக்கு 1. இரு பொருள்களின் எண்ணுக்கு இடையே எவ்வளவு வித்தியாசமோ, அவை சந்திக்கும் இடத்தில் அந்த அளவுக்குப் பிரதிபலிப்பு அதிகம். காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் இடத்தில் 4 சதவீதம் திரும்புகிறது என்றால், சென்ட்டும் கண்ணாடியும் சந்திக்கும் இடத்தில் நேர்ப்பார்வையில் திரும்புவது 0.3 சதவீதம் அளவுக்குத்தான். திரவ மட்டத்துக்கு மேலே, காலியாக இருக்கும் பகுதியில், கண்ணாடியின் உட்சுவர் தனியாகப் பளபளக்கும். வெளிக்கோடு ஒன்று, உள்கோடு ஒன்று என்று இரட்டைக் கோடு தெரியும். மட்டத்துக்குக் கீழே உட்சுவரின் அந்தப் பளபளப்பு பெரும்பாலும் அடங்கிப்போய், திரவத்தின் நிறம் முடியும் எல்லை மட்டும் நிற்கும். பாட்டிலின் கீழ்ப்பகுதி ஒரே கட்டியாகத் தோன்றுவது இதனால்தான். மேலும் கீழும் ஒரே மாதிரி உள்கோடு மின்னும் படத்தைப் பார்த்தால், அது காலிப் பாட்டிலுக்கு வண்ணம் பூசியது என்று சந்தேகிக்கலாம்.

திரவத்தை உறிஞ்சும் குழாய்க்கும் இதே விதி. சாதாரண பாலித்தீன் குழாயின் எண் கண்ணாடியை ஒட்டி, 1.5 அருகில் இருப்பதால், சென்ட்டுக்குள்ளும் அது கண்ணுக்குத் தெரியும். விலையுயர்ந்த சில பாட்டில்களில் சென்ட்டுக்கு நெருக்கமான எண் கொண்ட ஃப்ளூரோபாலிமர் குழாய் போடுவார்கள். அது திரவத்துக்குள் கிட்டத்தட்ட மறைந்துவிடும், மட்டத்துக்கு மேலே மட்டும் தெரியும். கருவிக்குக் குழாய் ஒரு தலைவலி. திரவ மட்டத்தில் அதை ஒடித்துவிடும், அல்லது அடிப்பாகக் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு கீழே போகவிடும். மாட்டிக்கொள்ள விருப்பமில்லாவிட்டால் குழாயே இல்லாத, அடைப்பான் மூடி போட்ட பாட்டிலைக் கேட்பது புத்திசாலித்தனம்.

கடைசியாக நிழல். ஒளி ஊடுருவும் பொருளின் நிழலில் இருட்டும் வெளிச்சமும் சேர்ந்தே இருக்கும். வெளிக்கோடு சற்று இருண்டும், உள்ளே கண்ணாடி குவித்த ஒளி வெளிச்சத் திட்டாகவும், அந்தத் திட்டு திரவத்தின் நிறத்திலும் இருக்கும். விளக்கு இடப்பக்கம், ஆகவே நிழல் வலப்பக்கம். அதற்குள் தேன் நிற ஒளி. இந்த ஒரு வரியைச் சேர்த்ததும் பாட்டில் தாளின் மேல் உட்கார்ந்துவிடும். சேர்க்காத படங்களில் அது மிதப்பதுபோல் இருக்கும்.

இதையெல்லாம் கருவிக்குத் தட்டும் வடிவில் எழுதினால் இப்படி வரும்:

```
product photo, eye-level, 100mm lens, rectangular
clear glass perfume bottle, bevelled edges, thick base,
two-thirds full of pale amber liquid, black stopper,
mid-grey seamless backdrop, brighter behind bottle,
one tall softbox at left, single soft-edged vertical
highlight on left bevel, thin dark edges from black
cards, soft shadow to the right with amber glow
```

இதில் ‘தத்ரூபம்’, ‘அழகு’, ‘பிரமிப்பு’ என்று ஒரு சொல்கூட இல்லை. பாட்டிலைப் பற்றியது இரண்டு வரி சொச்சம்தான். மீதியெல்லாம் அதன் அக்கம்பக்கம்.

ஆங்கிலத்தில் கொடுத்ததற்கு நடைமுறைக் காரணம் உண்டு. உரையாடல் வடிவில் இயங்கும் புதிய கருவிகளிடம் இதையே தமிழில் சொல்லலாம்; புரிந்துகொள்ளும். ஆனால் 2022 ஆகஸ்டில் வெளிவந்து, இன்றும் பலர் தங்கள் கணினியிலேயே ஓட்டும் ஸ்டேபிள் டிஃப்யூஷனின் ஆரம்பப் பதிப்புகள், நாம் எழுதுவதை ‘க்ளிப்’ என்ற பகுதி வழியாகத்தான் படிக்கின்றன. க்ளிப் பெரும்பாலும் ஆங்கில வர்ணனைகளில் பழகியது. தவிர, அது ஒரு நேரத்தில் 77 துண்டுகளைத்தான் படிக்கும். அதிலும் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இரண்டு போய்விடும். எளிய ஆங்கிலச் சொல் ஒரு துண்டு. தமிழில் ஓர் எழுத்தே பல துண்டுகளாக உடையும். இரண்டு வாக்கியம் எழுதுவதற்குள் இடம் தீர்ந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதும்போதும் நீளமாகப் போனால் வாலில் இருப்பது படிக்கப்படாமல் போகலாம் என்பதால், பாட்டிலையும் பின்னணியையும் விளக்கையும் முன்னால் வைப்பது நல்லது. பின்னால் வந்த சில மாதிரிகள் இதைவிட நீண்ட வர்ணனைகளைத் தாங்கும்.

இன்னொரு சிக்கல், ‘வேண்டாம்’ என்று சொல்வது. வர்ணனைக்குள் ‘ஜன்னல் பிரதிபலிப்பு இல்லாமல்’ என்று எழுதினால், இந்தப் பழைய வகைக் கருவிகளின் காதில் ‘ஜன்னல்’ மட்டுமே நன்றாக விழும், ‘இல்லாமல்’ விழாது. ஜன்னல் வந்து நிற்கும். வேண்டாதவற்றை எழுத ஸ்டேபிள் டிஃப்யூஷனில் `negative prompt` என்று தனிப் பெட்டி இருக்கிறது; மிட்ஜர்னியில் வர்ணனையின் கடைசியில் `--no window, text` என்று சேர்க்கலாம். அதைவிட நல்ல வழி, வேண்டாததின் இடத்தை வேண்டியதால் நிரப்புவது. ‘ஒரே ஒரு வெளிச்சக் கோடு’ என்று அழுத்திச் சொன்னால் ஜன்னலுக்கு இடமே இருக்காது.

முதல் படமே சரியாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வந்ததும் பாட்டிலின் அழகைப் பார்க்காமல், விளக்கு எங்கே நிற்கிறது என்று பாட்டிலைக் கேட்க வேண்டும். கண்ணாடியில் இருக்கும் வெளிச்சக் கோடு ஒரு பதில் சொல்லும், மூடியின் மேல் இருக்கும் வெளிச்சம் ஒரு பதில் சொல்லும், நிழல் மூன்றாவது பதில் சொல்லும். மூன்றும் ஒரே இடத்தைக் காட்டினால் படம் தேறும். பெரும்பாலும் மூடிதான் காட்டிக்கொடுக்கும். பளபளப்பான கறுப்பு மூடியில் முழு அறையே பிரதிபலித்துக் கிடக்கும். அப்போது மூடியை ‘மங்கல் கறுப்பு’ என்று மாற்றிவிடலாம். விளிம்புகள் பின்னணியோடு கரைந்தால் பின்னணியின் நிறத்தை ஒரு படி இருட்டாக்க வேண்டும். திரவ மட்டம் இரு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால், மட்டத்தையே தவிர்த்து, தோள்வரை நிறைந்த பாட்டிலைக் கேட்கலாம்.

திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்ற வேண்டும். அதுவும் விதை எண்ணை நிலையாக வைத்துக்கொண்டு. ஒவ்வொரு படத்தையும் கருவி ஒரு தற்செயல் புள்ளிக் கூட்டத்திலிருந்து தொடங்குகிறது; அந்தக் கூட்டத்தைத் தீர்மானிக்கும் எண்ணைத்தான் `seed` என்று திரையில் காட்டும். அதைப் பூட்டி வைத்தால், நீங்கள் மாற்றிய சொல்லால் என்ன மாறியது என்பது தெளிவாகத் தெரியும். பூட்டாவிட்டால் பாட்டிலே வேறாகிவிடும். மாற்றம் உங்கள் சொல்லால் வந்ததா, தற்செயலா என்று சொல்ல முடியாது.

இவ்வளவு செய்தும் ஒரு வேலைக்கு இது உதவாது. நீங்கள் விற்கும் உங்கள் பாட்டிலைக் கருவி வரையாது. அதைப் போன்ற ஒன்றைத்தான் வரையும். லேபிளில் எழுத்துகளைக் குழப்பும். தமிழ் எழுத்தாக இருந்தால் பெரும்பாலும் கொம்பும் காலும் இடம் மாறிப்போகும். லேபிளை வெற்றாகக் கேட்டுவிட்டு எழுத்தைப் பிறகு தனியாக வைப்பதுதான் வழக்கம். பாட்டிலின் வடிவமே உண்மையாக இருக்க வேண்டும் என்றால் நிஜப் பாட்டிலைப் படமெடுத்தாக வேண்டும்.

அதை வெட்டியெடுத்து, கருவி வரைந்த அழகான பின்னணியில் ஒட்டிவிடலாமே என்று பலருக்கும் தோன்றும். செராமிக் குடுவையாக இருந்தால் சரி. கண்ணாடியில் இது எடுபடாது. எந்த அறையில் எடுத்தீர்களோ அந்த அறையின் சுவர் பாட்டிலின் நடுவில் தெரிந்துகொண்டிருக்கும். மேசையின் விளிம்பு திரவத்துக்குள் ஒடிந்து நிற்கும். புதிய பின்னணி சாம்பலாக இருக்க, பாட்டிலுக்குள் மட்டும் பழைய பச்சைச் சுவர். ஒட்டுகிற எண்ணம் இருந்தால் படமெடுக்கும்போதே பின்னால் வெள்ளை வெளிச்சம் வைத்து, விளிம்புகளைக் கறுப்பு அட்டையால் கோடிட்டு எடுக்க வேண்டும். பிறகு ஃபோட்டோஷாப்பில் அந்தப் படலத்தை `Multiply` முறையில் வைத்தால் வெள்ளையெல்லாம் மறைந்து, அதன் வழியே புதிய பின்னணி தெரியும். கறுப்பு விளிம்பும் தேன் நிறமும் தங்கும். வெளிச்சக் கோடுகள் மட்டும் இந்த முறையில் காணாமல் போகும். அவற்றுக்காகக் கறுப்புப் பின்னணியில், கேமராவையும் பாட்டிலையும் அசைக்காமல், இன்னொரு படம் எடுத்து `Screen` முறையில் அதன் மேல் வைப்பார்கள்.